ஸ்கிரீனிங் கால் முடிந்ததும் ரெக்ரூட்டருக்கு எழுத வேண்டிய சிறு மடல்: முழுமையான வழிகாட்டி

ரெக்ரூட்டர் உங்களிடம் தொலைபேசியில் பத்துப் பதினைந்து நிமிடம் பேசி முடித்ததும், தன் கணினியில் ஒரு எக்ஸெல் தாளையோ நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு மென்பொருளையோ திறந்து, உங்கள் பெயருக்கு நேரே சில கட்டங்களை நிரப்புகிறார். மொத்த அனுபவம், இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம், இப்போது இருக்கும் ஊர், வேலைக்கு வரச் சம்மதிக்கும் ஊர் ஆகியவையே பெரும்பாலும் அந்தக் கட்டங்கள். அந்த வரிதான் உங்கள் பயோடேட்டாவோடு சேர்ந்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேலாளருக்குப் போகிறது.

சென்னையில் சில ஆண்டுகள் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருந்து அந்தக் கட்டங்களை நிரப்பியவன் என்பதால் சொல்கிறேன்: அழைப்புக்குப் பின் வரும் மடல்களில் எனக்கு உதவியவை, அந்த வரியைச் சரிபார்க்க உதவியவை மட்டுமே. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அளவுகோலைப் பின்பற்றுகிறது. உங்கள் மடலை ரெக்ரூட்டர் ஒரு சொல்லும் மாற்றாமல் மேலாளருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்ய முடிய வேண்டும்.

எடுத்துக்காட்டாக என் சித்தி மகளின் அண்மை அனுபவத்தை எடுத்துக்கொள்கிறேன். அவள் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக அக்கவுண்ட்ஸ் பேயபிள் பிரிவில், அதாவது சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் பிரிவில், வேலை செய்கிறாள். சென்னையில் இதே வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். 2025 ஜூன் 12, வியாழக்கிழமை காலை ரெக்ரூட்டர் அழைத்துப் பேசினார். பேச்சு பதினான்கு நிமிடம் நடந்தது.

1. அழைப்பு முடிவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டு வையுங்கள்

மடலில் அடுத்த கட்டத்தை உறுதிப்படுத்த வேண்டுமானால், அடுத்த கட்டம் எது என்பது முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மடல் எழுத உட்காரும் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். "சரிங்க மேடம், தேங்க் யூ மேடம்" என்று சொல்லி அழைப்பை முடித்துவிட்டதால், எதை உறுதிப்படுத்துவது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே ரெக்ரூட்டர் "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்கும்போது மூன்றைக் கேளுங்கள். அடுத்த சுற்று எது, அதை யார் நடத்துவார்கள்? அதைப் பற்றிய தகவல் எனக்கு எந்தத் தேதிக்குள் வரும்? நான் உங்களுக்கு எழுத வேண்டுமானால் எந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதலாம்? மூன்றாவது கேள்விக்கு விடை வாங்கும்போதே அவர் பெயரின் எழுத்துகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தொலைபேசியில் காதில் விழுந்த பெயரும் மின்னஞ்சலில் எழுதப்படும் பெயரும் பல நேரங்களில் வேறாக இருக்கும். பெயரைத் தவறாக எழுதித் தொடங்கும் மடலில், அடுத்து வரும் எண்களையும் படிப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அழைத்தவர் அந்த நிறுவனத்திலேயே வேலை செய்பவரா, கன்சல்டன்சியைச் சேர்ந்தவரா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அதனால் மடல் எப்படி மாறும் என்பதை ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

2. கேட்டதை உடனே குறித்துக்கொள்ளுங்கள்

அழைப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். இடப்பக்கம் நீங்கள் சொன்னவை. வலப்பக்கம் அவர் சொன்னவை. சித்தி மகளின் தாளில் இடப்பக்கம் இவை இருந்தன: மூன்று ஆண்டு அனுபவம், எஸ்ஏபி மென்பொருளில் பில் பதிவு, ஆண்டுச் சம்பளம் 4.2 லட்சம், எதிர்பார்ப்பு 5.4 லட்சம், நோட்டீஸ் 60 நாள், சென்னைக்கு மாறச் சம்மதம். வலப்பக்கம் இவை: மதியம் ஒரு மணி முதல் இரவு பத்து மணி வரை ஷிஃப்ட், வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், வேலை விவரத்தை வெள்ளி மாலைக்குள் அனுப்புவார், திங்களுக்குள் ஒரு எக்ஸெல் தேர்வு, செவ்வாய் அல்லது புதன் மேலாளரோடு வீடியோ நேர்காணல்.

இரண்டு பத்திகளாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் சொன்னவற்றில் ஏதேனும் தவறாகச் சொல்லியிருந்தால் அதைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது. அவர் சொன்னவற்றில் ஏதேனும் தெளிவில்லாமல் இருந்தால் அதைக் கேட்கும் பொறுப்பும் உங்களுடையது. ஒரே பத்தியாக எழுதினால் இந்த இரண்டும் கலந்துபோய், கேட்க வேண்டியதைச் சொல்வதுபோலவும், திருத்த வேண்டியதைக் கேட்பதுபோலவும் மடல் அமைந்துவிடும்.

அவளுடைய தாளைப் பார்த்தபோது இடப்பக்கம் ஒரு சிக்கல் தெரிந்தது. 4.2 லட்சத்தில் 3.9 லட்சம் நிலையான சம்பளம். மீதி 30 ஆயிரம் ஆண்டு இறுதியில் வேலைத்திறனைப் பொறுத்து வருவது. தொலைபேசியில் அவள் "நாலு இருபது" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது பொய் இல்லை. ஆனால் கேட்டவர் அதை முழுக்க நிலையான சம்பளமாகக் குறித்திருக்க வாய்ப்பு உண்டு. பின்னால் சம்பளச் சீட்டைக் கேட்கும்போது எண் பொருந்தாமல் போனால், ஏமாற்றியதாகவே அது பார்க்கப்படும்.

3. உங்களுக்கு விருப்பம் உண்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விருப்பத்தை உறுதிப்படுத்தும் மடலை, விருப்பம் உறுதியாகும் முன் எழுதக் கூடாது. ஷிஃப்ட் நேரம், ஊர் மாற்றம், சம்பள வரம்பு ஆகிய மூன்றில் எதையாவது வீட்டில் பேசிய பிறகே சொல்ல முடியும் என்றால், அன்றைக்கே பேசுங்கள். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தால் தங்குமிடத்துக்குத் திரும்ப வண்டி வசதி உண்டா என்று சித்தி கேட்ட கேள்வி நியாயமானது. அது மடலில் இடம்பெற்றது.

பேசி முடிக்க ஒரு நாள் தேவைப்பட்டால், "இன்னும் யோசிக்கிறேன்" என்று எழுதாமல், எந்த ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, எப்போது சொல்வேன் என்று எழுதுங்கள். "ஷிஃப்ட் நேரம் குறித்து வீட்டில் பேசிவிட்டு நாளை மதியத்துக்குள் உறுதி செய்கிறேன், மற்ற விவரங்களில் மாற்றம் இல்லை" என்ற வரியை எந்த ரெக்ரூட்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். முழு விருப்பம் தெரிவித்துவிட்டு நேர்காணலன்று ஷிஃப்ட் வேண்டாம் என்பவரால்தான் அவருக்கு மேலாளரிடம் தலைகுனிவு ஏற்படுகிறது.

விருப்பமே இல்லையென்றால் இரண்டு வரிகளில் அதையும் எழுதிவிடுங்கள். ஓராண்டு கழித்து அதே ரெக்ரூட்டர் வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பது இந்தத் தொழிலில் அன்றாட நடப்பு.

4. எந்த வழியில் அனுப்புவது

ரெக்ரூட்டர் ஏற்கெனவே உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், அதைத் திறந்து, அதற்கே பதில் எழுதுங்கள். புதிதாக ஒரு மின்னஞ்சலைத் தொடங்க வேண்டாம். பழைய மின்னஞ்சலில் வேலையின் பெயரும் எண்ணும் பயோடேட்டாவும் இருக்கும் என்பதால், உங்கள் மடலும் அவற்றோடு ஒரே இழையில் சேர்ந்துகொள்ளும். அதில் வேறு யாருக்காவது நகல் போயிருந்தால் ‘Reply all’ பயன்படுத்துவதே சரி; நகலில் இருப்பவர் நேர்காணல் நேரத்தை ஒழுங்கு செய்பவராக இருக்கலாம்.

அழைப்பு மட்டும் வந்து மின்னஞ்சல் எதுவும் வராவிட்டால், அழைப்பின்போது கேட்டு வாங்கிய முகவரிக்கு எழுதுங்கள். முகவரியைக் கேட்க மறந்துவிட்டால், அழைப்பு வந்த எண்ணுக்கு வாட்ஸாப்பில் முகவரியைக் கேட்டு ஒரு வரி அனுப்பலாம். நிறுவனத்தின் பெயரை வைத்து முகவரியை நீங்களே ஊகித்து அனுப்ப வேண்டாம். அது வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் சம்பள விவரம் அவர் கையில் இருக்கும்.

ரெக்ரூட்டர் "வாட்ஸாப்பிலேயே அனுப்புங்கள்" என்று சொன்னால் அங்கேயே அனுப்பலாம். ஆனால் அனைத்தையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். "வணக்கம் மேடம்" என்று ஒன்று, அவர் பார்த்த பிறகு "காலையில் பேசினோம்" என்று இன்னொன்று, பிறகு "நோட்டீஸ் 60 நாள்" என்று மற்றொன்று எனத் துண்டு துண்டாக அனுப்பினால், அவற்றை ஃபார்வர்டு செய்யவும் முடியாது. பல பேருடைய செய்திகளுக்கு நடுவே தேடி எடுக்கவும் முடியாது.

5. தலைப்பும் விளிப்பும்

பழைய இழையிலேயே பதில் எழுதினால் தலைப்பை மாற்ற வேண்டாம். புதிய மின்னஞ்சல் என்றால் தலைப்பில் உங்கள் பெயர், வேலையின் பெயர், பேசிய தேதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். வெறும் ‘நன்றி’ என்ற தலைப்போடு வரும் மடலை, பத்து நாள் கழித்து அவர் தேடும்போது கண்டுபிடிக்க வழியில்லை. அவர் தேடுவது உங்கள் பெயரைத்தான்.

விளிப்பில் பெயரைச் சொல்லி வணக்கம் எழுதினால் போதும். நம் ஊர்க் கல்லூரிகளில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய பழக்கத்தால் ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்’ என்று தொடங்குகிறோம். பதினான்கு நிமிடம் பேசிய ஒருவரை சாரா மேடமா என்று தெரியாததுபோல விளிப்பது மரியாதையாகத் தோன்றாது. எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்புகிறீர்கள் என்றே தோன்றும்.

6. மடலின் உடல்: வரிசையும் காரணமும்

இந்தப் பகுதியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதால் சித்தி மகள் முதலில் எழுதியதை அவள் சம்மதத்தோடு அப்படியே தருகிறேன். இத்தகைய மடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. அவளும் ஆங்கிலத்தில்தான் எழுதினாள். இங்கே தமிழில் தருவது பொருளும் வரிசையும் தெளிவாகத் தெரிவதற்காக.

> மதிப்பிற்குரிய மேடம், உங்கள் பொன்னான நேரத்தை எனக்காக ஒதுக்கியதற்கு மனமார்ந்த நன்றி. உங்களோடு பேசியது மிக்க மகிழ்ச்சி. உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் வேலை செய்ய மிகவும் ஆவலாக இருக்கிறேன். நான் கடின உழைப்பாளி. எதையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன். நோட்டீஸ் காலத்தைக் குறைக்க முயற்சி செய்கிறேன். உங்கள் நல்ல பதிலுக்காக ஆவலோடு காத்திருக்கிறேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை, பணிவும் இருக்கிறது. ஆனால் இதை எந்த வேலைக்கும் யாரும் அனுப்பலாம். எந்த வேலை, எந்த நாள் பேசியது, அடுத்து என்ன என்பவை இதில் இல்லை. இருக்கும் ஒரே தகவலான நோட்டீஸ் காலமும் தீங்கு செய்யும் விதத்தில் இருக்கிறது. ‘குறைக்க முயற்சி செய்கிறேன்’ என்பதைப் படிக்கும் ரெக்ரூட்டர், ஆள் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில், ‘முப்பது நாளில் வந்துவிடுவார்’ என்று மேலாளரிடம் சொல்லிவிடக்கூடும். அந்த நாளில் அவள் வர முடியாதபோது வாக்குத் தவறியது அவளாகவே இருக்கும்.

திருத்தி எழுதிய மடல் இது:

> வணக்கம் ……,
>
> இன்று (ஜூன் 12) காலை அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலை குறித்து என்னோடு பேசியதற்கு நன்றி. இந்த வேலைக்கு என் விருப்பத்தை உறுதி செய்கிறேன். வெளிநாட்டு சப்ளையர்களின் பில்களைக் கையாள வேண்டியிருக்கும் என்று சொன்னீர்கள். கடந்த ஓராண்டாக அதே வேலையை எஸ்ஏபியில் செய்து வருகிறேன்.
>
> நாம் பேசிய விவரங்கள்:
> இப்போதைய சம்பளம்: ஆண்டுக்கு 4.2 லட்சம் (நிலையானது 3.9, மாறக்கூடியது 0.3)
> எதிர்பார்ப்பு: 5.4 லட்சம்
> நோட்டீஸ் காலம்: ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து 60 நாள்
> ஊர்: சென்னைக்கு மாறச் சம்மதம், வாரம் மூன்று நாள் அலுவலகமும் மதியம் 1 முதல் இரவு 10 வரை ஷிஃப்டும் எனக்கு ஏற்புடையவை
>
> வேலை விவரத்தை நாளை (ஜூன் 13) மாலைக்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். எக்ஸெல் தேர்வை ஜூன் 16 திங்களுக்குள் முடித்துவிடுகிறேன். நேர்காணலுக்கு ஜூன் 17, 18 ஆகிய இரண்டு நாட்களும் காலை 9.30 மணிக்கு முன்போ மாலை 6.30 மணிக்குப் பின்போ எனக்கு வசதியாக இருக்கும்.
>
> ஒரே ஒரு கேள்வி: இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்ப நிறுவனத்தின் வண்டி வசதி உண்டா?
>
> (பெயர், கைபேசி எண்)

நன்றியும் விருப்பமும் முதல் இரண்டு வரிகளிலேயே வந்துவிட வேண்டும். கைபேசியில் மின்னஞ்சல் பட்டியலைப் பார்ப்பவருக்குத் தலைப்போடு முதல் வரியின் தொடக்கமும் தெரியும். விருப்பம் உண்டு என்பது அங்கேயே தெரிந்துவிட்டால், அவர் மடலைத் திறக்காமலே உங்கள் பெயரை அடுத்த கட்டத்துக்குக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து விருப்பத்துக்கு ஒரே ஒரு காரணம், அதுவும் அழைப்பில் அவர் சொன்ன ஏதோ ஒன்றிலிருந்து எடுத்தது. ‘கடின உழைப்பாளி’ என்பதற்கு மேலாளரிடம் காட்ட ஆதாரம் கிடையாது. ‘ஓராண்டாக வெளிநாட்டு சப்ளையர் பில்’ என்பது அவர் பயோடேட்டாவில் விரல் வைத்துக் காட்டக்கூடியது. இரண்டாவது காரணம் ஒன்றைச் சேர்க்க மனம் தூண்டும், சேர்க்காதீர்கள். அது நேர்காணலில் சொல்ல வேண்டியது.

விவரங்கள் தனித்தனி வரிகளில் இருப்பது அவற்றைக் கட்டங்களுக்கு நகலெடுப்பதற்காக. பத்தியாக எழுதினால் எண்ணைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். தேடுபவர் தவற விடுவார். சம்பளத்தைப் பிரித்துக் காட்டிய அந்த அடைப்புக்குறிதான் இந்த மடலிலேயே மிகப் பயனுள்ள இடம் என்பது என் கருத்து. ‘தொலைபேசியில் தவறாகச் சொல்லிவிட்டேன்’ என்ற மன்னிப்பு இல்லாமலே ஒரு தெளிவின்மை அங்கே நீங்கிவிட்டது.

அடுத்த கட்டத்தைச் சொல்லும் பத்தியில் ‘நாளை’, ‘திங்கள்’ என்ற சொற்களோடு தேதியும் இருப்பதைக் கவனியுங்கள். மடலை அவர் மறுநாள் படித்தாலும், வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தாலும், ‘நாளை’ என்பது வேறு நாளாகிவிடும். நேரத்தையும் நீங்களே முன்வைப்பதால் ‘எப்போது வசதி?’ என்ற ஒரு சுற்று மடல் மிச்சமாகிறது. இப்போதைய வேலையில் இருந்துகொண்டே நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதை எழுத மறக்கக் கூடாது. இல்லையென்றால் பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலக மாடிப்படியில் நின்று வீடியோ அழைப்பில் பேச நேரிடும்.

கேள்வி ஒன்று மட்டும், அதுவும் கடைசியில். விடுப்பு எத்தனை நாள், காப்பீடு எவ்வளவு, பதவி உயர்வு எப்போது என்று நான்கைந்து கேட்டால், விடை தேடி அவர் மற்றவர்களிடம் போக வேண்டியிருக்கும். அதுவரை உங்கள் மடல் பதிலில்லாமல் கிடக்கும். உங்கள் முடிவை மாற்றக்கூடிய கேள்வியை மட்டும் இப்போது கேளுங்கள்.

6.1 நோட்டீஸ் காலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம்

‘60 நாள்’ என்று மட்டும் எழுதாமல் ‘ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து’ என்று ஏன் சேர்த்தோம் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். பேசிய நாளான ஜூன் 12 முதல் எண்ணினால் அறுபதாவது நாள் ஆகஸ்ட் 10. ஆனால் எழுத்து மூலம் ஆஃபர் கைக்கு வராமல் யாரும் ராஜினாமா கொடுக்கக் கூடாது. ஆஃபர் ஜூன் 30 அன்று வந்து, ஜூலை 1 அன்று ராஜினாமா கொடுத்தால், அறுபதாவது நாள் ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. புதிய இடத்தில் சேர்வது செப்டம்பர் 1, திங்கள். முதல் கணக்கை மனத்தில் வைத்திருக்கும் ரெக்ரூட்டருக்கும் இரண்டாவது கணக்கை வைத்திருக்கும் உங்களுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று வாரம் இடைவெளி விழுகிறது. அந்த மூன்று வாரத்தால் ஆஃபர் கைநழுவிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள் என்பதை நினைவிலிருந்து எழுதாமல் உங்கள் பணி நியமனக் கடிதத்தைத் திறந்து பாருங்கள். பணி நிரந்தரமாவதற்கு முன் ஒரு கணக்கும் பின் ஒரு கணக்கும் இருப்பது வழக்கம். மீதி நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்கூட்டியே விலக அந்தக் கடிதம் அனுமதிக்கிறதா, அது நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்ததா என்பதையும் பாருங்கள். நிறுவனத்தின் சம்மதம் தேவையென்றால், குறைப்பதாக நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ரெக்ரூட்டர் கேட்டிருந்தால், ‘60 நாள், மேலாளர் ஒப்புக்கொண்டால் 45 நாளாகக் குறையலாம், ஆனால் ராஜினாமா கொடுத்த பிறகே அது தெரியும்’ என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே ராஜினாமா கொடுத்தவர் என்றால் நாட்கணக்கே வேண்டாம்; கடைசி வேலை நாளின் தேதியை எழுதுங்கள்.

7. அழைத்தவர் கன்சல்டன்சியாக இருந்தால்

கன்சல்டன்சிகள் பெரும்பாலும் அழைப்பு முடிந்ததும், உங்கள் பயோடேட்டாவை இந்த நிறுவனத்துக்கு அனுப்பச் சம்மதமா என்று மின்னஞ்சலில் உறுதி கேட்பார்கள். அங்கே உங்கள் மடல் விருப்பத்தை மட்டுமல்ல, உங்கள் சார்பில் அனுப்பும் உரிமையையும் கொடுக்கிறது. ஆகவே வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பெயரும் வேலையின் பெயரும் மடலிலேயே இருக்க வேண்டும். ‘எல்லா வாய்ப்புகளுக்கும் சம்மதம்’ என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சிகள் உங்கள் பயோடேட்டாவை அனுப்பிவிட்டால், கட்டணம் யாருக்குச் சேரும் என்ற தகராறு வரும். தகராறில் சிக்க விரும்பாத நிறுவனம் பல நேரங்களில் உங்களை ஒதுக்கிவிடுவதே எளிது என்று முடிவு செய்யும். எனவே அதே வேலைக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தாலோ, வேறொரு கன்சல்டன்சி மூலம் பெயர் போயிருந்தாலோ, ‘இதே வேலைக்கு மே மாதம் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்திருந்தேன்’ என்று மாதத்தோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆதார், பான், வங்கி விவரம் எதையும் இந்த மடலோடு இணைக்க வேண்டாம். ஆஃபர் வரும் கட்டத்தில்தான் அவை தேவைப்படும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது கேட்டால் மடலே அனுப்ப வேண்டியதில்லை.

8. அனுப்பும் நேரமும் கடைசிச் சரிபார்ப்பும்

காலையில் பேசியிருந்தால் அன்று மாலைக்குள் அனுப்புங்கள். மாலையில் பேசியிருந்தால் மறுநாள் காலை பத்து மணிக்குள் அனுப்புங்கள். மேலாளருக்குப் பட்டியல் போவதற்கு முன் வந்து சேரும் மடலால்தான் அந்தக் கட்டங்களைத் திருத்த முடியும். அழைப்பு முடிந்த மூன்றாவது நிமிடமே அனுப்பினால், முன்பே எழுதி வைத்ததுபோலத் தெரியும். குறிப்பெடுக்கவும் நேரம் இருந்திருக்காது. இப்போதைய நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்தோ, அலுவலகக் கணினியிலிருந்தோ அனுப்பவே கூடாது.

அனுப்பும் முன் மூன்று இடங்களை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள்: ரெக்ரூட்டரின் பெயர், நிறுவனத்தின் பெயர், எண்கள். ஒரே வாரத்தில் நான்கு இடங்களுக்கு எழுதுகிறவர்கள் பழைய மடலை நகலெடுத்துத் திருத்தும்போது, முதல் பத்தியில் நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டுக் கடைசிப் பத்தியில் பழைய பெயரை அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கே அப்படிப் பல மடல்கள் வந்திருக்கின்றன. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் ‘Undo Send’ வசதிக்கு இயல்பாக 5 நொடிதான் கிடைக்கும். அமைப்புகளில் அதை 30 நொடியாக மாற்றி வையுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம். ஆனால் திருத்தியது என்ற குறிப்பு அவருக்கும் தெரியும்.

அனுப்பிய பிறகுதான் எண்ணில் பிழை கண்ணில் பட்டால், தயங்காமல் அதே இழையில் ஒரு வரி எழுதுங்கள்: ‘முந்தைய மடலில் எதிர்பார்ப்பு 4.5 என்று தவறாக எழுதிவிட்டேன், 5.4 லட்சம் என்பதே சரி.’ முழு மடலையும் மறுபடி அனுப்பினால் எது சரியானது என்ற குழப்பம் வரும்.

9. பதில் வராவிட்டால்

ரெக்ரூட்டர் சொன்ன தேதி கடந்து ஒரு வேலை நாள் முழுதாக முடியும் வரை காத்திருங்கள். சித்தி மகளுக்கு வேலை விவரம் வெள்ளி மாலைக்குள் வர வேண்டியிருந்தது, வரவில்லை. சனிக்கிழமை காலையே அழைத்துக் கேட்கத் துடித்தாள். ஆனால் எக்ஸெல் தேர்வு திங்களுக்குள் முடிய வேண்டியது என்பதால் இங்கே முழு வேலை நாள் காத்திருக்கவும் முடியாது. இப்படி அடுத்த கட்டத்தின் கெடு நெருங்கினால் மட்டும் விதியைத் தளர்த்தலாம். திங்கள் காலை பத்தரைக்கு, அதே இழையில் இதை அனுப்பினாள்:

> வணக்கம் ……, எக்ஸெல் தேர்வை இன்றைக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அதற்கான இணைப்பும் வேலை விவரமும் இன்னும் எனக்கு வரவில்லை. இன்று மாலை 7 மணிக்கு மேல் தேர்வை எழுத முடியும். தேதி மாறியிருந்தால் தெரிவிக்கவும்.

இதில் ‘நினைவூட்டுகிறேன்’, ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ போன்ற சொற்கள் இல்லை. ‘ஏன் அனுப்பவில்லை’ என்ற தொனியும் இல்லை. எது வரவில்லை, எப்போது தயாராக இருக்கிறேன் என்ற இரண்டு தகவல்கள் மட்டும் உள்ளன. இணைப்பு மதியம் வந்தது. முதல் முயற்சியில் அவளுடைய மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து தவறியிருந்ததாம்.

கெடு எதுவும் சொல்லப்படாத இடத்தில் ஐந்து வேலை நாள் காத்திருந்து ஒரு முறை எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை அழைக்கலாம். அதற்கு மேல் எழுதுவதால் அந்த வேலை நகராது. பெரும்பாலும் அந்த இடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், அல்லது வேறொருவர் அடுத்த சுற்றில் இருப்பார். இதற்கிடையே வேறிடத்தில் ஆஃபர் வந்தால் அன்றே, எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதோடு, அதே இழையில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.